முதல் நாள் படத்தின் கீழே எழுதும் நான்கு வரிகள்

கேள்வி: என் மகள் திங்கட்கிழமை முதன்முதலாக மழலையர் பள்ளிக்குப் போகிறாள். வீட்டில் ஓயாமல் பேசுவாள். வெளியாட்கள் முன்னால் ஒரு சொல் வராது. தண்ணீர் பாட்டிலின் மூடியை அவளால் திறக்க முடிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளோ ஒரே திருகில் திறந்துவிடுகிறாள். முதல் நாள் புகைப்படத்தோடு இணையத்தில் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: “எங்கள் குட்டித் தேவதை இன்று பள்ளிக்குப் போகிறாள்! யாரிடமும் பேசத் தயங்கும் எங்கள் செல்லம் எப்படிச் சமாளிக்கப் போகிறாளோ என்று மனம் கிடந்து தவிக்கிறது. ஆனாலும் சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கிறோம். எல்லோரும் வாழ்த்துங்கள்!” படித்தால் ஏதோ உறுத்துகிறது. கவலையைக் கொட்டாமலும் பொய்யாகச் சிரிக்காமலும் எப்படி எழுதுவது?

பதில்: கவலையை உங்கள் பெயரில் எழுதுங்கள், மகளின் பெயரில் எழுதாதீர்கள். அவளுடைய தயக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் செய்த ஒரு செயலைச் சொல்லுங்கள், அதற்கு எதிரே அவள் செய்த ஒரு செயலைச் சொல்லுங்கள், அவளை அழைத்துவர நீங்கள் வந்து நிற்பதைச் சொல்லி முடியுங்கள். அதற்கு வேண்டியது எல்லாம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தண்ணீர் பாட்டிலைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் ஒரே வரி, நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்பு முழுவதையும்விட நன்றாக இருக்கிறது.

உறுத்துவது எது என்று முதலில் பார்ப்போம். மழலையர் வகுப்பில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவள் என்ற முறையில், இத்தகைய படங்களும் அவற்றின் கீழே உள்ள வரிகளும் என் பார்வைக்கு ஆண்டுதோறும் வந்திருக்கின்றன. வகுப்புக்குள் அவற்றால் என்ன நடக்கிறது என்பதையும் கண்டிருக்கிறேன். உங்கள் இரண்டாம் வாக்கியத்தில் “யாரிடமும் பேசத் தயங்கும்” என்று இருக்கிறது. நீங்கள் பாசத்தோடு எழுதியது அது. ஆனால் அதைப் படிக்கிறவர்களில் உங்கள் மகளின் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தங்கள் பிள்ளையிடம், “அந்தப் பாப்பா பேச மாட்டாளாம், நீயே போய்ப் பேசு” என்று சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் வகுப்பில் ஒரு குழந்தை உரத்த குரலில், “இவள் பேச மாட்டாள், மிஸ்” என்று எனக்கு அறிமுகம் செய்து வைக்கும். அதுவரை வெறுமனே சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு அந்த நொடியில் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது; அந்தப் பெயரைக் கழற்றிப் போட வேண்டுமென்றால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் பேசியாக வேண்டும். அவளுக்கு அதைவிடக் கடினமான வேலை வேறில்லை.

உறவினர்கள் பக்கத்திலும் இதே கதைதான். குறிப்பைப் படித்தவர்கள் மாலையில் தொலைபேசியில் அழைத்து, “இன்று பேசினாயா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். புது இடத்தில் வாய் திறக்கத் தயங்கும் குழந்தைக்கு, தன் பேச்சையே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வுதான் பெரிய தடை. ஆகவே அந்த வாக்கியம் வெளிப்படுத்தும் கவலையை அந்த வாக்கியமே வளர்த்துவிடும்.

அத்துடன், அப்படியொரு முடிவுக்கு வர முதல் நாள் ஏற்ற நாளும் இல்லை. வீட்டில் தாராளமாகப் பேசிவிட்டுப் பள்ளி போன்ற இடங்களில் தொடர்ந்து பேச முடியாமல் போவதை மருத்துவர்கள் செலக்டிவ் மியூட்டிசம் என்று அழைக்கிறார்கள். அது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையின்படி, அந்தப் பேச்சின்மை குறைந்தது ஒரு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்தோடு நின்றுவிடும் பேச்சின்மையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. புது இடம், புது முகங்கள், புது ஓசைகள் என்று வந்து சேரும்போது பிள்ளைகள் மௌனமாக இருந்து பார்ப்பது அவ்வளவு இயல்பானது. அந்த மாதம் கழிந்த பிறகும் வீட்டில் பேச்சும் வகுப்பில் முழு மௌனமுமாக இருந்தால் ஆசிரியரையும் குழந்தை நல மருத்துவரையும் கலந்து பேசுங்கள். மருத்துவர்களே பொறுத்துப் பார்க்கும் ஒன்றைப் பெற்றோர் முதல் நாள் காலையிலேயே ஊரறிய எழுதிவிட வேண்டியதில்லை.

இனி உங்கள் குறிப்பின் மற்ற வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். “குட்டித் தேவதை” என்பதில் தவறேதும் இல்லை. ஆனால் அது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும் என்பதால் உங்கள் மகள் அதில் தென்படவில்லை. “மனம் கிடந்து தவிக்கிறது” என்பது உண்மைதான். இருந்தாலும் அதைப் படித்தவர்கள் உடனே உங்களுக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குவார்கள், அவளுடைய நாள் உங்களுடைய நாளாக மாறிவிடும். “ஆனாலும் சிரித்த முகத்தோடு” என்ற இடத்தில்தான் நீங்கள் சொன்ன பொய்ச்சிரிப்பு தட்டுப்படுகிறது. சிரிக்கிறோம் என்று எழுத்தில் அறிவித்தால், சிரிப்பதற்குப் பாடுபடுகிறோம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். “ஆனாலும்” என்ற ஒற்றைச் சொல் அதற்கு முன்னால் வந்த கவலையை எல்லாம் இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. “எல்லோரும் வாழ்த்துங்கள்” என்பதை எடுத்துவிடலாம், கேட்காமலே வாழ்த்துவார்கள்.

இப்போது தண்ணீர் பாட்டிலுக்கு வருவோம். நீங்கள் ஏன் அந்த மூடியையே திருகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் மற்ற பிள்ளைகள் ஆசிரியரிடம் நீட்டி, “திறந்து கொடுங்கள்” என்பார்கள். உங்கள் மகள் கேட்க மாட்டாள். தாகத்தோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உங்கள் முழுக் கவலையும் அந்த மூடிக்குள் அடங்கியிருக்கிறது. அவளை நன்றாக அறிந்த உங்கள் வீட்டாருக்கு அது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கு, பிள்ளையின் பாட்டிலை ஓயாமல் சரிபார்க்கும் ஓர் அப்பாவோ அம்மாவோ தெரிவார், அவர்கள் புன்னகைப்பார்கள். கவலை முழுமையாக அங்கே இருக்கிறது, மகளைப் பற்றிய குறை ஒன்றும் வெளியே போகவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“தண்ணீர் பாட்டிலின் மூடி இறுக்கமாக இருக்குமோ என்று நேற்று இரவு பலமுறை திறந்து மூடிப் பார்த்தேன். இவள் வாங்கி ஒரே திருகில் திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். போய் வா, கண்ணம்மா. மணி அடிக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.”

முதல் வாக்கியத்தில் பதற்றம் உங்களுடையது, செயலும் உங்களுடையது. இரண்டாம் வாக்கியத்தில் அவள் வருகிறாள். அவளுடைய திறமைதான் உங்கள் பதற்றத்துக்குப் பதிலாக நிற்கிறது. புன்னகை அங்கிருந்து தானாக வருகிறது, எங்கேயும் அதை அறிவிக்க வேண்டிய தேவை எழவில்லை. “தைரியசாலி”, “கெட்டிக்காரி” போன்ற சொற்களை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரே திருகில் திறந்தாள் என்பது நடந்தது. கெட்டிக்காரி என்பது நாம் வைக்கும் பட்டம். பட்டம் நல்லதாகவே இருந்தாலும், மூன்றாம் நாள் அவள் அழும்போது அது பொருந்தாமல் போகும். நடந்த செயல் என்றைக்கும் நடந்ததுதான்.

ஓர் எச்சரிக்கை. பாட்டில் உங்கள் வீட்டில் உண்மையாக நடந்ததால்தான் இங்கே எடுபடுகிறது. இதைப் படிக்கும் வேறொரு பெற்றோர் அதையே எடுத்துப் போட்டால் அவர் வீட்டார்க்கு அது ஒட்டாது. தன் கவலை எந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு திரிகிறது என்பதை ஒவ்வொருவரும் தானே கண்டுபிடிக்க வேண்டும். காலணியின் பட்டையை ஒட்டிப் பழக்கியதாக இருக்கலாம், பையின் ஜிப்புக்கு ஒரு நாடா கட்டி விட்டதாக இருக்கலாம், கழிவறைக்குப் போகவேண்டும் என்பதற்கு ஒரு கைச்சைகையைச் சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம். இவற்றில் கடைசியை மட்டும் படத்தின் கீழே எழுதாதீர்கள். அது அவளுடைய உடல் சார்ந்தது, அவளும் ஆசிரியரும் மட்டும் அறிந்திருந்தால் போதும். எதை எழுதலாம் என்று தீர்மானிக்க எனக்குத் தெரிந்த வழி, பத்து வயதில் இதை அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அவள் முன்னால் உரக்கப் படித்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுதான். பாட்டில் மூடியைக் கேட்டு அவள் சிரிப்பாள். “யாரிடமும் பேசத் தயங்கும்” என்பதைக் கேட்டால் தலை குனிவாள்.

அந்தக் கைச்சைகையைச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். பல பெற்றோரின் முதல் நாள் குறிப்பு கவலையால் வழிவதற்குக் காரணம், அந்தக் கவலையை அதற்குரிய ஆளிடம் அவர்கள் இன்னும் சொல்லியிருக்காததுதான். சொல்ல வேண்டிய ஆள் வகுப்பாசிரியர். திங்கட்கிழமைக்கு முன்பே, அரைப் பக்கத்துக்கு மிகாமல், அவருக்கு எழுதிக் கொடுங்கள். புதியவர்களிடம் உடனே பேச மாட்டாள், ஆனால் தலையசைத்துப் பதில் சொல்வாள். கழிவறைக்குப் போக வீட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம், அது வராவிட்டால் இந்தச் சைகையைக் காட்டுவாள். முகத்தை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் மௌனமாகிவிடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்வதைப் பற்றி நீங்களே பேசினால் கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொள்வாள். வரிசையில் நின்று பெயர் சொல்லும் விளையாட்டில் முதல் சில நாள்கள் அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். இப்படி எழுதிய தாள் என் கையில் இருந்தால், ஒரு குழந்தையின் முதல் வாரத்தை என்னால் வேறு விதமாக நடத்த முடியும். “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், மிஸ்” என்று வாசலில் நின்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுப் போனால் எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. அதைவிட, நீங்கள் கலங்குவதைக் குழந்தை பார்த்துவிடும். அந்தத் தாளைக் கொடுத்த பிறகு உங்கள் படக்குறிப்பை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் இருந்த பாரத்தில் பெரும்பகுதி தானாகவே விலகியிருக்கும்.

எப்போது எழுதுவது, எப்போது வெளியிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். படத்தைப் பள்ளி வாசலில் எடுக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். வாசலில் செய்ய வேண்டியது ஒன்றே. அணைத்து, எப்போது வருவீர்கள் என்று அவளுக்குப் புரியும்படி சொல்லி, ஆசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். கடிகார நேரம் அந்த வயதில் விளங்காது; “கதை சொல்லி முடிந்ததும் வருவேன்” என்றால் விளங்கும். அவள் கவனிக்காத நேரம் பார்த்து நழுவிப் போவது மிகவும் தவறு. திரும்பிப் பார்த்து ஆளைக் காணாத குழந்தை மறுநாள் கையை விடவே விடாது. இத்தனைக்கும் நடுவே கைப்பேசியை உயர்த்தி, “இங்கே பார், சிரி” என்று கேட்டால் பிரிவை நீட்டிக்கிறோம். நீளும் ஒவ்வொரு நிமிடமும் அழுகையை அருகில் கொண்டு வரும்.

வெளியிடுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளும்படி வற்புறுத்தவே செய்வேன். காலையில் போட்டால் நாள் முழுவதும் விருப்பக்குறிகளையும் பதில்களையும் பார்த்துக்கொண்டு தவிப்பை வளர்ப்பீர்கள். அவள் வீடு திரும்பிய பிறகு, படத்தை அவளிடம் காட்டி, எழுதியதைப் படித்து, “இதைத் தாத்தா பாட்டிக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு இணையம் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லத் தெரியும். அவள் வேண்டாம் என்றால் நெருங்கிய குடும்பத்துக்கு மட்டும் அனுப்புவதோடு நிறுத்துங்கள். மாலையில் போடும்போது கடைசி வாக்கியத்தை, “மணி அடித்தபோது நான் வாசலில் நின்றேன்” என்று மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த வடிவம்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கொடுத்த வாக்கு நிறைவேறியதை அது சொல்கிறது. அப்போது “போய் வா, கண்ணம்மா” என்பதையும், “‘போய் வா’ என்றேன்” என்று மாற்ற வேண்டியிருக்கும்.

அவள் வாசலில் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்துக்குள் அந்தக் கேள்வி இருக்கும். மேலே உள்ள நான்கு வரிகளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். அவள் அழவில்லை என்று அவை எங்கும் சொல்லவில்லை; ஆகவே அழுதாலும் அவை பொய்யாகிவிடாது. அழும் படத்தை மட்டும் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் போடாதீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. அவள் அழாமல் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டால், “அழவே இல்லை!” என்று எழுதக் கை துடிக்கும். அதையும் தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் புதுமையில் ஆச்சரியப்பட்டு உள்ளே போகும் குழந்தை, இது தினமும் நடக்கப்போகிறது என்று விளங்கியதும் இரண்டாம் நாளோ மறு வாரமோ அழுவது வகுப்பில் சர்வ சாதாரணம். முதல் நாள் அழாததைக் கொண்டாடி எழுதிய வீட்டில், பிறகு வரும் அழுகை தோல்வியாகத் தெரிகிறது. எழுதாத வீட்டில் அது வெறும் அழுகைதான். உங்கள் குறிப்பைப் படிக்கும் வேறொரு பெற்றோரின் பிள்ளை அன்று காலையில் தூணைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்து அட்டையில் உள்ள பெயர், சட்டையில் உள்ள பள்ளிச் சின்னம், பையின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு, பின்னால் தெரியும் பெயர்ப்பலகை ஆகியவற்றை மறைத்தோ வெட்டியோ எடுங்கள். குறிப்பிலும் பள்ளியின் பெயர், வகுப்புப் பிரிவு, விடும் நேரம் எதுவும் இருக்கக் கூடாது. “மணி அடிக்கும்போது” என்று எழுதியதில் எத்தனை மணி என்பது இல்லை, கவனித்திருப்பீர்கள். செல்லப்பெயரால் அழைத்தால் முழுப்பெயர் தேவைப்படாது.

கடைசியாக, பதில்கள். நன்றாக எழுதப்பட்ட குறிப்பு அதன் கீழே நடக்கும் உரையாடலில் குலைந்துபோவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவளை நன்கு அறிந்த அத்தையோ சித்தியோ, “அங்கே போய்ப் பேசினாளா?” என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேட்டுவிடுவார். நீங்களும் பதற்றத்தில், “இல்லை அத்தை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம், மிஸ் சொன்னார்கள்” என்று எழுதிவிட்டால், குறிப்பில் காத்த அத்தனையும் போய்விடும். “நல்லபடியாக இருந்துவிட்டு வந்தாள் அத்தை, இரவு போனில் பேசுகிறேன்” என்ற ஒரு வரி போதும். மீதியைத் தொலைபேசியில் மனம் விட்டுச் சொல்லுங்கள். அப்போது மகள் அறையில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் விளையாடிக்கொண்டிருப்பது போலத் தோன்றும் பிள்ளைகள் தங்களைப் பற்றிய பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தையிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளலாம்: அடுத்த முறை அவளிடம் பேசும்போது “பேசினாயா?” என்பதற்குப் பதிலாக, “பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் கொண்டுவந்தாய்?” என்று கேட்கட்டும். அதற்கு அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டியே பதில் சொல்லிவிடலாம்.